வீடியோ டைட்டிலில் தமிழ் எழுத்து ஏன் உடைகிறது? எப்படிச் சரிசெய்வது?

வீடியோ எடிட்டரில் டெக்ஸ்ட் பெட்டியைத் திறந்து ‘தலைவர்’ என்று அடிக்கிறீர்கள். பிரிவியூவில் ‘தலவைர்’ என்று தெரிகிறது. ‘வேகம்’ என்று அடித்தால் ‘வகேம்’. ‘கொடை’ என்று அடித்தால் இன்னும் மோசம்: க தனியாக நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் கொம்பும் காலும் நடுவில் வெற்றிடத்தோடோ புள்ளி வட்டத்தோடோ கிடக்கின்றன, ட-வுக்கு முன்னால் வரவேண்டிய ஐகாரக் குறி கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஃபான்ட்டை மாற்றுவதுதான். பத்து ஃபான்ட் இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். எழுத்தின் அழகு மாறும், வரிசை மாறாது. காரணம், மேலே சொன்ன உடைசலுக்கு ஃபான்ட் பொறுப்பில்லை. ஃபான்ட்டுக்கும் திரைக்கும் நடுவில் செய்யப்பட வேண்டிய ஒரு வேலையை அந்த எடிட்டர் செய்யாமல் விட்டிருக்கிறது. அது என்ன வேலை என்று புரிந்துவிட்டால், எந்த எடிட்டரில் மாட்டினாலும் வழி கண்டுபிடித்துவிடலாம்.

கணினியில் தமிழ் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். யூனிகோடில் ‘கொ’ என்பது ஓர் எழுத்து அல்ல, இரண்டு குறியீடுகள். முதலில் க, அடுத்து ஒகரக் குறி. ‘டை’ என்றால் முதலில் ட, அடுத்து ஐகாரக் குறி. நாம் பேசும்போது மெய்யொலி முதலில், உயிரொலி பிறகு வருகிறது அல்லவா, அந்த வரிசையிலேயே சேமிக்கிறார்கள். எழுதும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. டை எழுதும்போது ஐகாரக் குறியை முதலில் போட்டுவிட்டுத்தான் ட போடுகிறோம். கொ எழுதும்போது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு.

ஆக, சேமித்த வரிசையை எடுத்து, பார்க்கும் வரிசைக்கு மாற்றித் தர ஒருவர் தேவை. ஈய எழுத்து அச்சகத்தில் இந்த வேலையை அச்சுக் கோப்பவர் செய்தார்: கையெழுத்துப் பிரதியில் ‘கொ’ என்று கண்டதும், கொம்பு அச்சை முதலில் எடுத்து வைத்து, க வைத்து, கால் வைப்பார். கணினியில் அந்த இடத்தில் இருப்பது ஷேப்பிங் எஞ்சின் என்ற நிரல். ஆண்ட்ராய்டிலும், குரோமிலும், ஃபயர்ஃபாக்ஸிலும், லிப்ரே ஆபீஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல். விண்டோஸுக்கும் மேக்குக்கும் சொந்தமாகவே இத்தகைய எஞ்சின்கள் உண்டு.

எஞ்சின் ‘கொ’வைப் பார்த்ததும் ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரிக்கும். கொம்பைத் தூக்கி க-வுக்கு முன்னால் வைக்கும். அதன்பின் ஃபான்ட்டிடம் கேட்கும்: க-வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் ‘கு’ என்ற ஒரே வடிவம் உன்னிடம் இருக்கிறதா? ட-வும் இகரக் குறியும் வந்தால் ‘டி’? ஃபான்ட் தன் பட்டியலைப் பார்த்து வடிவத்தைக் கொடுக்கும். வரிசை மாற்றுவது எஞ்சினின் வேலை, கூட்டு வடிவம் தருவது ஃபான்ட்டின் வேலை. எஞ்சினே இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல ஃபான்ட் போட்டாலும் கொம்பு இடம் மாறாது.

சில எடிட்டர்கள் இந்த எஞ்சினைக் கூப்பிடுவதே இல்லை. டைட்டிலை வேகமாக வரைந்து, சுழற்றி, மின்ன வைக்க வேண்டும் என்பதால் சொந்தமாக ஒரு குட்டி எழுத்து வரையும் நிரலை வைத்திருப்பார்கள். அது குறியீடுகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்து, ஃபான்ட்டில் அதற்குரிய படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். தாய்லாந்து மொழிக்கும் ஓரளவு போதும், ஏனென்றால் தாய் எழுத்தில் முன்னால் வரும் உயிர்க்குறிகளை யூனிகோடிலேயே முன்னால்தான் சேமிக்கிறார்கள். தமிழுக்குப் போதாது.

இதனால்தான் மொபைல் எடிட்டர்களில் அந்த வினோதம் நடக்கிறது: தட்டச்சு செய்யும் பெட்டியில் தமிழ் அழகாகத் தெரியும், ‘ஓகே’ அழுத்தியதும் பிரிவியூவில் உடைந்துவிடும். பெட்டியை வரைவது போனின் இயங்குதளம், அதனிடம் எஞ்சின் இருக்கிறது. பிரிவியூவை வரைவது எடிட்டரின் சொந்த நிரல், அதனிடம் இல்லை. இப்படி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரிந்தால், உங்கள் தட்டச்சில் தவறில்லை, எடிட்டரில்தான் குறை என்று உறுதியாக முடிவு கட்டலாம்.

எது உடைந்திருக்கிறது என்று கண்ணாலேயே கண்டுபிடிப்பது

எல்லாக் கோளாறும் இதே வகை அல்ல. மருந்து மாறிப்போகாமல் இருக்க, முதலில் திரையில் தெரிவதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எழுத்துக்குப் பதிலாகச் சதுரக் கட்டங்கள் தெரிந்தால், தேர்ந்தெடுத்த ஃபான்ட்டில் தமிழே இல்லை. இதற்கு மட்டும்தான் ஃபான்ட் மாற்றுவது மருந்து. விண்டோஸில் Nirmala UI, மேக்கில் Tamil Sangam MN ஏற்கெனவே இருக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸில் Noto Sans Tamil, Mukta Malar, Catamaran, Hind Madurai ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன.

à®¤à®®à®¿à®´à¯ என்பதுபோல் தெரிந்தால் கோப்பை வாசித்த முறை தவறு. அது ‘தமிழ்’ என்ற சொல்தான். UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும். எடிட்டர் அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக எடுத்துக்கொண்டதால் இப்படி ஆகிறது. à® திரும்பத் திரும்ப வந்தால் இந்தக் கோளாறுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பெரும்பாலும் சப்டைட்டில் கோப்புகளில் வரும், கீழே பார்ப்போம்.

எழுத்துகள் எல்லாம் தமிழாகவே இருந்து, கொம்பு மட்டும் இடம் மாறி, புள்ளி வட்டம் தெரிந்தால் அதுதான் எஞ்சின் கோளாறு. இதில் ஒரு குழப்பம் உண்டு. எஞ்சின் இல்லாத எடிட்டரிலும் கா, கி, கீ போன்றவை பெரும்பாலும் சரியாகவே தெரியும், ஏனென்றால் அவற்றின் குறிகள் எழுத்துக்கு வலப்பக்கம்தான் வருகின்றன. அதனால் ‘அம்மா’ என்று அடித்துப் பார்த்து “தமிழ் நன்றாக வருகிறதே” என்று நம்பிவிட்டு, முழு வீடியோவையும் முடித்த பிறகு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. புதிய எடிட்டரைச் சோதிக்க இந்த வரியை ஒட்டிப் பாருங்கள்:

```
கோயில் கொடை தலைவர் வேகம் வௌவால் குடும்பம் கூடு ஸ்ரீ
```

கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, இரண்டாகப் பிரியும் குறிகள், உகர ஊகாரக் கூட்டு வடிவங்கள், ஸ்ரீ என்று உடையக்கூடிய எல்லாமே இதில் இருக்கின்றன. இது சரியாக வந்தால் அந்த எடிட்டரை நம்பி டைட்டில் போடலாம். கொம்புகள் சரியாக வந்து ‘கு’வும் ‘ஸ்ரீ’யும் மட்டும் பிரிந்து தெரிந்தால், எஞ்சின் இருக்கிறது, ஃபான்ட்தான் சரியில்லை. அப்போது ஃபான்ட்டை மாற்றுங்கள்.

எஞ்சின் இருந்தும் தூங்கினால்

சில மென்பொருள்களில் எஞ்சின் உள்ளேயே இருக்கிறது, அதை நாம்தான் எழுப்ப வேண்டும். பிரீமியர் ப்ரோவில் Edit > Preferences > Graphics போங்கள். Text Engine என்ற இடத்தில் South Asian and Middle Eastern என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே தேர்வு Preferences > Type என்ற இடத்தில் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு பெயரும் இடமும் கொஞ்சம் மாறலாம், ‘Text Engine’ என்ற சொல்லைத் தேடினால் போதும். மாற்றிய பிறகு மென்பொருளை மூடித் திறங்கள். முன்பே செய்து வைத்த டைட்டில் அப்போதும் உடைந்தே நின்றால், புதிதாக ஒரு டெக்ஸ்ட் லேயர் போட்டு அதில் ஒட்டுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் டைட்டில் செய்து கொண்டுவருபவர்கள், அங்கே Paragraph பேனலின் மெனுவில் World-Ready Layout என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் இதே வேலைதான்.

எஞ்சினே இல்லாவிட்டால்: டைட்டிலை வெளியே செய்வது

உங்கள் எடிட்டரில் அப்படி ஒரு அமைப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஊர்க் கோயில் கொடை விழா வீடியோவுக்கு ‘கோயில் கொடை’ என்று ஒரு டைட்டில் வேண்டும். எழுத்தை அடுக்கும் வேலையை அதைத் தெரிந்த இடத்தில் முடித்துவிட்டு, எடிட்டருக்குப் படமாகக் கொடுத்துவிடுவதுதான் நம்பகமான வழி. படத்தில் குறியீடு எதுவும் இல்லை, அதனால் உடையவும் வழியில்லை.

இதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும், அது ஹார்ஃப்பஸ் வழியாகத்தான் எழுத்தை வரைகிறது. File > Document Properties போய், அலகை px என்று வைத்து, அகலம் 1920, உயரம் 1080 கொடுங்கள். உங்கள் வீடியோ 4கே என்றால் 3840, 2160. டெக்ஸ்ட் கருவியை எடுத்து ‘கோயில் கொடை’ என்று அடியுங்கள், அல்லது வேறு இடத்தில் அடித்து ஒட்டுங்கள். வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளைப் பக்கத்தில் தெரியாது. பின்னால் ஒரு கறுப்புச் செவ்வகம் வரைந்துகொண்டு வேலையை முடியுங்கள், ஏற்றுமதிக்கு முன் மறக்காமல் அழித்துவிடுங்கள். எழுத்தைத் திரையில் எந்த இடத்தில் வேண்டுமோ அதே இடத்தில் பக்கத்திலும் வையுங்கள். பிறகு File > Export, அதில் Page என்பதைத் தேர்ந்து .png ஆகச் சேமியுங்கள். பின்புலம் தானாகவே ஒளிபுகும்படி இருக்கும். அதை எடிட்டரில் வீடியோவுக்கு மேல் இருக்கும் டிராக்கில் போட்டால், இடம் மாறாமல் அப்படியே உட்காரும். மங்கி மறைவது, நகர்வது, பெரிதாவது எல்லாவற்றையும் படத்துக்கும் செய்யலாம்.

இந்த முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது: எழுத்துப்பிழை கண்டால் திரும்ப இங்க்ஸ்கேப்புக்குப் போக வேண்டும். அதனால் .svg மூலக் கோப்பையும் சேமித்து வையுங்கள்.

பாமினி வழி

வீடியோ வேலை செய்யும் பல ஸ்டூடியோக்களில் இதற்கு வேறொரு பழக்கம் உண்டு. யூனிகோடை பாமினிக்கு மாற்றி, அதை எடிட்டரில் ஒட்டி, பாமினி ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். உடனே சரியாக வரும். ஏன் வருகிறது என்பது இதுவரை சொன்னதை வைத்தே புரியும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய ஃபான்ட். அதில் ‘கொடை’ என்பது nfhil. n என்றால் கொம்பு, f என்றால் க, h என்றால் கால், i என்றால் ஐகாரக் குறி, l என்றால் ட. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறியீடும் இருக்கிறது, எனவே அடுக்கித் தர யாரும் தேவையில்லை.

அவசரத்துக்கு இது உதவும், ஆனால் எடிட்டர் இதை ஆங்கிலம் என்றே நினைக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி இயங்கினால் nfhil என்பது Nfhil ஆகும். பாமினியில் பெரிய N என்பது இரட்டைக் கொம்பு, ஆக ‘கொடை’ விழா ‘கோடை’ விழா ஆகிவிடும். எழுத்து உடையாது, பொருளே மாறிவிடும், அதனால் சட்டென்று கண்ணில் படாது. டைட்டில் டெம்ப்ளேட்டுகளில் எல்லா எழுத்தையும் பெரிதாக்கும் All Caps பொத்தான் அழுத்தியிருந்தால் மொத்தமும் குலைந்துபோகும். பாமினி வழியில் போவதென்றால் இவை இரண்டையும் முதலில் அணைத்துவிட வேண்டும். புராஜெக்ட்டை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் ஃபான்ட்டையும் கூடவே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அங்கே nfhil என்றே தெரியும். சப்டைட்டில் கோப்புக்கு இந்த வழி கூடவே கூடாது: பார்ப்பவரின் பிளேயரில் பாமினி இருக்காது.

சப்டைட்டில்

சப்டைட்டிலைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது: வீடியோவுக்குள் எழுத்தைப் பதிக்காமல், .srt கோப்பாகத் தனியே கொடுக்க முடியுமென்றால் அதுவே மேல். யூடியூபில் அப்படி ஏற்றினால் எழுத்தை அடுக்குவது பார்ப்பவரின் பிரௌசரோ போனோதான், அவற்றிடம் எஞ்சின் இருக்கிறது. வேண்டியவர் பெரிதாக்கிக்கொள்ளலாம், வேண்டாதவர் அணைத்துவிடலாம்.

.srt கோப்பில் கவனிக்க வேண்டியது சேமிக்கும் முறை. நோட்பேடில் Save As கொடுக்கும்போது Encoding என்ற இடத்தில் UTF-8 இருக்க வேண்டும். ANSI என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகவே கோப்பில் பதிந்துவிடும், அவற்றை மீட்க முடியாது. à® கோளாறு அப்படிப்பட்டதல்ல. அங்கே கோப்பு பத்திரமாக இருக்கிறது, வாசித்தவர்தான் தவறாக வாசித்தார். எடிட்டர் .srt-ஐ உள்ளே எடுக்கும்போது எழுத்துமுறை கேட்டால் UTF-8 என்று சொல்லுங்கள். கேட்காத எடிட்டராக இருந்தால், நோட்பேடில் திறந்து UTF-8 with BOM என்று மறுபடி சேமித்துப் பாருங்கள். கோப்பின் தொடக்கத்தில் சேரும் அந்த அடையாளத்தைக் கண்டு பல மென்பொருள்கள் சரியாகப் புரிந்துகொள்ளும்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், பதித்தே ஆகவேண்டும் என்றால், எடிட்டரில் சப்டைட்டில் போடாமல் வீடியோவை மட்டும் முடித்து ஏற்றுமதி செய்துவிடுங்கள். சப்டைட்டிலை ffmpeg என்ற, கட்டளை கொடுத்து இயக்கும் இலவச நிரல் கொண்டு பதிக்கலாம். அதில் subtitles என்ற ஃபில்டர், libass என்ற நிரல் வழியாக ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது. வீடியோவையும் .srt-ஐயும் ஒரே ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டரிலிருந்தே கட்டளையைக் கொடுங்கள். விண்டோஸில் C: என்று தொடங்கும் முழு முகவரி கொடுத்தால் அந்த முக்காற்புள்ளியை ஃபில்டர் தவறாகப் புரிந்துகொள்ளும்.

```
ffmpeg -i kodai.mp4 -vf "subtitles=kodai.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=22'" -t 10 -c:a copy test.mp4
```

-t 10 என்பது முதல் 10 நொடியை மட்டும் செய்யும். கொம்புள்ள ஒரு சொல்லாவது அந்தப் பகுதியில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்து, சரியாகவும் இருந்தால், -t 10 என்பதை எடுத்துவிட்டு முழு வீடியோவுக்கும் ஓட்டுங்கள். கட்டளை ஓடும்போது fontselect என்ற சொல் உள்ள ஒரு வரி வரும். நீங்கள் கேட்ட ஃபான்ட்டும், உண்மையில் கிடைத்த ஃபான்ட்டும் அதில் அம்புக்குறியின் இருபுறமும் இருக்கும். வலப்பக்கம் வேறொரு ஃபான்ட்டின் பெயர் இருந்தால் உங்கள் ஃபான்ட் கணினியில் நிறுவப்படவில்லை, அல்லது பெயரைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

இதே ffmpeg-இல் drawtext என்று இன்னொரு ஃபில்டர் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகள் அதைத்தான் சொல்லும். 2023-இல் வந்த 6.1 பதிப்பில்தான் அதற்கு ஹார்ஃப்பஸ் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய பதிப்பில் அதைப் பயன்படுத்தினால் கொம்பு இடம் மாறித்தான் வரும். உங்களிடம் எந்தப் பதிப்பு என்று ffmpeg -version கொடுத்துப் பார்க்கலாம்.

எஞ்சின் இருந்தும் உடைக்கும் அனிமேஷன்

எல்லாம் சரியாக அமைத்த பிறகும், ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் டைப்ரைட்டர் அனிமேஷன் போட்டதும் உடையலாம். பல எடிட்டர்கள் அந்த அனிமேஷனில் குறியீடு குறியீடாக நறுக்குகின்றன. ‘கொடை’ தோன்றும்போது முதலில் க, பிறகு திடீரென்று கொ, பிறகு கொட, பிறகு கொடை என்று துடித்துத் துடித்து வரும். இன்னும் சில, நறுக்கிய துண்டுகளைத் தனித்தனியே எஞ்சினிடம் கொடுப்பதால், எழுத்துப் பறந்து வந்து சேரும்போது கொம்பு தன் எழுத்தை விட்டு விலகியே நிற்கும். எழுத்து இடைவெளியைக் கூட்டும் Tracking அமைப்பிலும் இது நடக்கும்: கொம்புக்கும் க-வுக்கும் நடுவிலும் இடைவெளி விழுந்து, ‘கொ’ மூன்று துண்டாகத் தெரியும்.

தமிழ் டைட்டிலுக்கு Tracking பூஜ்யமாகவே இருக்கட்டும். அனிமேஷனில் எழுத்து வாரியாக, சொல் வாரியாக என்று தேர்வு இருந்தால் சொல் வாரியாக வையுங்கள். எழுத்தெழுத்தாகத்தான் வரவேண்டும் என்றால், டைட்டிலைப் படமாக்கி, இடமிருந்து வலமாகத் திறக்கும் வைப் மாஸ்க் போடுங்கள். பேனாவால் எழுதிக்கொண்டே போவதுபோல் கொம்பும் முதலில் தெரியும், அதன் எழுத்து அடுத்து தெரியும்.